காது கேளாதவருக்கு எம்.ஆர்.ஐ.: மயக்க மருந்தா, முன்பே பேசி வைத்த சைகையா?

மலர்விழி (கேள்வி): என் அண்ணனுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது, சைகை மொழிதான். கல்லீரலுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே படுத்திருக்கும்போது "மூச்சை அடக்குங்கள்" என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவருக்கு எப்படித் தெரியும்? மயக்க மருந்து கொடுத்துவிடலாம் என்கிறார்கள். சரியா?

செந்தூரன்: சரிதான் என்பேன். ஸ்கேன் அறையில் அடுத்தடுத்து நோயாளிகள் காத்திருப்பார்கள். ஒருவருக்காகப் புதிய முறையைப் பழக்கிக்கொண்டிருக்க நேரம் இராது. அசையாமல் படுத்திருப்பதுதான் முக்கியம், அதை மயக்க மருந்து உறுதி செய்துவிடும்.

கதிர்வீச்சுக்கூடம்: செந்தூரன் சொல்வதில் பாதி உண்மை. தலை அல்லது முழங்கால் ஸ்கேன் என்றால் அசையாதிருப்பதே போதும். கல்லீரல் மூச்சோடு சேர்ந்து மேலும் கீழும் நகரும் உறுப்பு. அங்கே நோயாளி தாமே மூச்சை வெளியே விட்டு, பதினைந்து இருபது விநாடி அடக்கிக் காட்ட வேண்டும். லேசான மயக்கத்தில் இருப்பவரால் அதைச் செய்ய முடியாது. ஆகவே இந்த ஸ்கேனுக்கு மயக்க மருந்து உதவியைவிட இடைஞ்சலையே தரக்கூடும்.

நாங்கள் செய்வது இது. அவர் உடை மாற்றும் முன்பே, காது கேட்கும் கருவியும் மூக்குக் கண்ணாடியும் கழற்றப்படாதிருக்கும்போதே, முகக்கவசத்தை விலக்கிக்கொண்டு எல்லாவற்றையும் விளக்கிவிடுவோம். முழங்காலுக்குக் கீழே ஒரு தட்டு தட்டினால் மூச்சை விட்டு அடக்க வேண்டும், இரண்டு தட்டினால் விடுவிக்கலாம் என்று பேசி வைத்து, கட்டிலில் படுக்கவைத்தே நான்கைந்து முறை பழக்குவோம். தட்டுபவர் காந்த அறைக்குள் நிற்பதால், உலோகம் ஏதும் இல்லை என்று அவரையும் சோதித்து, காது அடைப்பான் கொடுத்த பிறகே உள்ளே விடுவோம். (நோயாளிக்கும் அடைப்பான் உண்டு; கேட்காத காதிலும் எஞ்சிய கேட்கும் திறன் இருக்கலாம்.) படத்தைத் தெளிவாக்கும் கான்ட்ராஸ்ட் மருந்துக்கான ஊசியை அவர் அதிகம் பயன்படுத்தாத கையில் போடச் சொல்லுங்கள், சைகைக்கு மற்றக் கை வேண்டும்.

சைகை தவறினால் படமே காட்டிக்கொடுக்கும்: வயிற்றுச் சுவரின் விளிம்பு நிழல் நிழலாக அடுக்கி விழுந்திருக்கும். மற்றப் பட வரிசைகளை மறுபடி எடுத்துவிடலாம். ஆனால் மருந்து ஏறி அரை நிமிட அளவில், அது தமனிகள் வழியே கல்லீரலை எட்டும் தமனிக் கட்டத்தைத் தவறவிட்டால் அன்று அதைத் திரும்பப் பெற முடியாது.

செந்தூரன்: தட்டுவதற்கென்று ஓர் ஆளை ஒதுக்க எல்லா மருத்துவமனைகளாலும் முடியுமா? அண்ணனின் உறவினரே உள்ளே போகலாமே. மூச்சை அடக்காமலேயே எடுக்கும் வசதியும் புதிய இயந்திரங்களில் இருக்கிறதே.

கதிர்வீச்சுக்கூடம்: அவ்வசதி இருக்கிறது, நேரம் கூடுதலாகும், எல்லா இயந்திரங்களிலும் இல்லை. உறவினர் தட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒப்புதல் வாங்கும்போதும் ஒவ்வாமை பற்றிக் கேட்கும்போதும் மட்டும் உறவினர் தாமே பதில் சொல்லிவிடுவார். நோயாளியைக் கேட்பதே இல்லை. அதற்குப் பயிற்சி பெற்ற சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும். காணொளி வழியாகவும் வரலாம். டேப்லெட்டைக் காந்த அறைக்குள் கொண்டுபோக முடியாது, ஆகவே அது வெளியிலேயே முடிய வேண்டும்.

செந்தூரன்: இரவு நேரத்தில் அப்படி ஒருவர் கிடைப்பாரா என்ற கேள்விக்கு இது பதிலாகாது.

சக்கரவாசி: மூச்சையும் சைகையையும் பற்றியே பேசுகிறீர்கள், எனக்கோ கட்டிலில் ஏறுவதே பாடு. என் சக்கர நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து 48 சென்டிமீட்டர்; பரிசோதனைக் கட்டிலோ ஏறத்தாழ 80. இருவர் தூக்கிக் கிடத்தியதில் தோளில் வீக்கம். அதற்கு முன் ஒரு மருத்துவர் நாற்காலியிலேயே உட்காரவைத்து வயிற்றைத் தடவிப் பார்த்து, "ஒன்றும் தெரியவில்லை" என்று எழுதினார். உட்கார்ந்த வயிற்றில் என்ன தெரியும்?

கதிர்வீச்சுக்கூடம்: சரியாகத் தெரியாது என்பதே உண்மை. அமெரிக்கத் தரநிலை 2024இல் கட்டில் 17 அங்குலம், அதாவது 43 சென்டிமீட்டர் வரை இறங்க வேண்டும் என்று வைத்தது, உங்களைப் போன்றவர் பக்கவாட்டில் நகர்ந்து ஏறுவதற்காகத்தான். எம்.ஆர்.ஐ. அறைக்கு உங்கள் இரும்பு நாற்காலி வரவே கூடாது. வெளியிலேயே காந்தம் இழுக்காத தள்ளுவண்டிக்கு மாற வேண்டும். அந்த வண்டியும் இறங்குமா என்று முன்பதிவின்போதே கேளுங்கள்.

மலர்விழி: நன்றி. அம்மாவிடம் பேசினேன். சிறு வயதில் அண்ணனுக்குக் காதின் பின்னால் ஏதோ கருவி பொருத்தினார்களாம். பலன் தராததால் வெளிப்பகுதியை அணிவதையே விட்டுவிட்டார். அதைப் படிவத்தில் எழுத வேண்டுமா?

கதிர்வீச்சுக்கூடம்: முதலில் அதைத்தான் எழுத வேண்டும். வெளிப்பகுதியைக் கழற்றினாலும் தோலுக்கு அடியில் ஒரு காந்தம் இருக்கும்; ஸ்கேனின் காந்தம் அதை இழுத்து இடம் பெயர்க்கலாம், கடுமையான வலி வரும். சில மாதிரிகளுக்குக் கட்டுப் போட்டு எடுக்கலாம், சிலவற்றுக்கு அறுவை செய்து காந்தத்தை எடுத்த பிறகே எடுக்கலாம், புதியவை சிலவற்றுக்குத் தடையே இல்லை. அறுவை செய்த மருத்துவமனையில் மாதிரிப் பெயரும் எண்ணும் கொண்ட அட்டையைக் கேட்டு வாங்குங்கள். அது கையில் கிடைக்கும்வரை ஸ்கேனைத் தள்ளிவையுங்கள்.