12 தவணை கட்டியாச்சு, அசலில் 37 ஆயிரம்தான் குறைந்திருக்கிறது. கணக்கு சரியா?

கோத்தகிரி வாசி
எல்லோருக்கும் வணக்கம். போன வருடம் வீட்டுக் கடன் 20 லட்சம் வாங்கினேன். வட்டி 9 சதவீதம், 20 வருடம், மாதத் தவணை 17,995 ரூபாய். ஒரு தவணைகூடத் தவறவில்லை. நேற்று வங்கிக்குப் போய் ஸ்டேட்மெண்ட் வாங்கினேன். 12 மாதத்தில் கட்டியது 2,15,940. பாக்கி அசல் 19,62,540 என்று இருக்கிறது. அதாவது 37,460 ரூபாய்தான் கழிந்திருக்கிறது. மீதி ஒரு லட்சத்து 78 ஆயிரமும் வட்டியாம்!

என் கணக்குப்படி 20 லட்சத்தை 20 ஆல் வகுத்தால் வருடத்துக்கு ஒரு லட்சம் குறைந்திருக்க வேண்டும். கவுண்டரில் கேட்டால் "சிஸ்டம் போட்டதுதான் சார்" என்கிறார்கள். தப்பு எங்கே இருக்கிறது என்று யாராவது சொல்லுங்கள். கையில் சீட்டு எடுத்த பணம் ஒரு லட்சம் இருக்கிறது. அதைக் கடனில் கட்டலாமா என்றும் யோசனை.

ஊட்டி பேக்கரி
தப்பே இல்லை அண்ணா, எல்லா வங்கியிலும் இப்படித்தான். முதல் பத்து வருடத்துக்குள் வட்டியை எல்லாம் முன்னாலேயே உருவிவிடுவார்கள், அப்புறம்தான் அசலைத் தொடுவார்கள். அதனால் கட்டுவதென்றால் இப்போதே கட்டுங்கள். பாதிக் காலம் தாண்டிய பிறகு முன்கூட்டிக் கட்டி ஒரு பிரயோஜனமும் இல்லை.

குன்னூர் அக்கா
எனக்கு இதைவிட மோசம் தம்பி. பதினொரு மாதம் கட்டியும் அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. மழையில் மேட்டுப்பாளையம் ரோடு அடைத்துவிட்டார்கள், மணல் லாரி மேலே வரவில்லை, வேலை லிண்டல் மட்டத்திலேயே நின்றுவிட்டது. வங்கி பாதிப் பணம்தான் கொடுத்திருந்தது, அதற்கு வட்டி மட்டும் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். முழுப் பணமும் வந்துவிட்டதா என்று பாருங்கள்.

பழைய காசாளர்
அக்கா சொல்வது வீடு கட்டி முடிக்கும் முன் வசூலிக்கிற வட்டி. தம்பிக்கு அது இல்லை. அசல் 37,460 குறைந்திருக்கிறதே, அதிலேயே தெரிகிறது முழுத் தவணை ஓடுகிறது என்று.

முதலில் கால்குலேட்டரை எடுங்கள். பாக்கி அசலை 9 ஆல் பெருக்கி 1200 ஆல் வகுங்கள். அதுதான் அந்த மாத வட்டி. முதல் மாதம் 20 லட்சத்துக்கு 15,000. தவணை 17,995 இல்லையா, அதில் 15,000 போனால் 2,995 அசலுக்கு. அடுத்த மாதம் பாக்கி 19,97,005. அதற்கு வட்டி 14,978, அசலுக்கு 3,017. இப்படி மாதா மாதம் வட்டி கொஞ்சம் இறங்கும், அசலுக்குப் போகிற பங்கு அதே அளவு ஏறும். பன்னிரண்டு மாதம் போட்டுப் பாருங்கள், ஸ்டேட்மெண்டில் இருக்கிற தொகையே வரும்.

ஊட்டித் தம்பி, யாரும் முன்னாலேயே எதையும் உருவவில்லை. அந்தந்த மாதம் மிச்சமிருக்கிற அசலுக்கு மட்டும்தான் வட்டி. ஆரம்பத்தில் அசல் பெரிது, அதனால் வட்டியும் பெரிது, அவ்வளவுதான். கோத்தகிரித் தம்பி நினைத்த மாதிரி அசலை 240 ஆகச் சமமாகப் பிரித்தால் முதல் மாதம் 8,333-உடன் 15,000 வட்டியும் சேர்த்து 23,333 கட்ட வேண்டும். அவ்வளவு கட்ட முடியாதவர்களுக்காகத்தான் கடைசி வரை ஒரே தொகையாக 17,995 என்று போட்டிருக்கிறார்கள். அதற்கு விலை, அசல் மெதுவாகக் கரைவது. இந்தக் கடனில் அசல் பங்கு வட்டியைத் தாண்டுவது 149-வது தவணையில்தான். பன்னிரண்டு வருடத்துக்கும் மேல்.

எக்செல் இருந்தால்:

```
=PMT(9%/12,240,-2000000)
=CUMIPMT(9%/12,240,2000000,1,12,0)
```

முதலாவது தவணை, இரண்டாவது முதல் வருட வட்டி. இரண்டாவது மைனஸில் வரும், பயப்பட வேண்டாம்.

கோத்தகிரி வாசி
சார், கடையில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். ஏழாவது மாதம் 14,863 வந்தது, ஸ்டேட்மெண்டிலும் அதேதான்! வங்கி மேல் இருந்த கோபம் போய்விட்டது, வேறு மாதிரி வயிறு எரிகிறது. அப்போது அந்த ஒரு லட்சத்தை இப்போது கட்டினால்?

பழைய காசாளர்
கட்டினால் பாக்கி 18,62,540 ஆகும். தவணையை 17,995 ஆகவே வைத்துக்கொண்டால் மீதி 228 மாதம் 201 ஆகிவிடும். 27 தவணை மிச்சம், வட்டியில் ஏறத்தாழ 3 லட்சத்து 96 ஆயிரம் குறையும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சில இடங்களில் நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் காலத்தைக் குறைக்காமல் தவணையைக் குறைத்துவிடுவார்கள். உங்களுக்கு 17,995 என்பது 17,078 ஆகும். மாதம் 917 ரூபாய் மிச்சம் என்று சந்தோஷமாக இருக்கும், ஆனால் மொத்தத்தில் மிச்சமாகிற வட்டி ஒரு லட்சத்து 9 ஆயிரம்தான். அதனால் "தவணை மாறாமல் காலத்தைக் குறைக்கவும்" என்று எழுதிக் கொடுங்கள். அடுத்த மாதம் புது அட்டவணை வாங்கி, கடைசித் தவணைத் தேதி முன்னால் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வட்டி மாறுகிற ஃப்ளோட்டிங் கடனாக இருந்தால் தனிநபர் வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்ட அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள்.

ஊட்டி பேக்கரி
சரி சார், உருவுகிறார்கள் என்றது தப்பு. ஆனால் பாதிக்குப் பிறகு கட்டினால் லாபமில்லை என்றது?

பழைய காசாளர்
அது பாதி சரி. இதே கடனில் 148 தவணை முடிந்த பிறகு ஒரு லட்சம் கட்டினால் சுமார் 92 ஆயிரம் மிச்சம். குறைவுதான், ஏனென்றால் ஓடுவதற்கு மீதி வருடங்கள் குறைவு. ஆனால் கட்டிய பணத்துக்கு வருடம் 9 சதவீத வட்டி அப்போதும் நின்றுதான் போகிறது.

குன்னூர் அக்கா
2022-ல் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை ஏற்றினபோது என் தவணை மாறவே இல்லை, நான் நிம்மதியாக இருந்தேன். அப்புறம் பார்த்தால் கடைசித் தேதி பல வருடம் தள்ளிப் போயிருக்கிறது. 2023 ஆகஸ்டுக்குப் பிறகு, தவணையை ஏற்றுவதா காலத்தை நீட்டுவதா என்று நம்மைக் கேட்க வேண்டும் என்றார்கள். எனக்கு ஒரு குறுஞ்செய்திதான் வந்தது, அதையும் நான் படிக்கவில்லை. தம்பி, நீங்கள் வருடம் ஒருமுறையாவது அட்டவணை வாங்கிப் பாருங்கள்.

கோத்தகிரி வாசி
கட்டலாம் என்றே முடிவு செய்தேன். ஆனால் வீட்டில் ஒரு சண்டை. பின்பக்கம் மண்ணைச் சரித்து வெட்டியிருக்கிறோம், தடுப்புச் சுவர் இன்னும் கட்டவில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் அந்த ஒரு லட்சத்தில் சுவர் எழுப்ப வேண்டும் என்கிறாள் மனைவி. கடனில் கட்டிவிட்டால் திருப்பி எடுக்க முடியாதே.

மஞ்சூர் தோட்டம்
சுவர்தான் முதலில் அண்ணா. எங்கள் பக்கத்து வீட்டுச் சமையல்கட்டு போன நவம்பரில் மண்ணுக்குள் போனது. அப்படிப் போன வீட்டுக்கும் தவணை கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பழைய காசாளர்
இதற்கு எக்செல்லில் சூத்திரம் கிடையாது. சுவருக்கு முழு ஒரு லட்சம் ஆகுமா என்று மேஸ்திரியிடம் கேட்டீர்களா? மிச்சம் 30 ஆயிரம் வந்தாலும் அதைக் கடனில் போடலாம், ஒரு லட்சமாகச் சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. குறைந்தபட்சம் எவ்வளவு ஏற்பார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோத்தகிரி வாசி
மேஸ்திரி ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறார். அளந்த பிறகு எழுதுகிறேன் சார்.