புதுப்பிப்பு: எம்.சி. ரோடு துணிக்கடை, மாணவர் தள்ளுபடி

"காலேஜ் பசங்களுக்கு 20% குறைச்சா கையில ஒண்ணும் நிக்கலையே, என்ன பண்ணலாம்?" – ஆறு மாசம் முன்னாடி நான் இங்க கேட்டது. பதில் சொன்னவங்களுக்கு, என்ன ஆச்சுன்னு சொல்றேன்.

600 ரூபா சட்டைக்கு அடக்கம் 420. 20% போனா மிச்சம் 60தான், அதனால நிறுத்திட்டேன். பதில் போட்ட மொத்த வியாபாரி அண்ணன் சொன்னபடி, இப்ப ஐடி கார்டு காட்டினா பேன்ட் ஆல்டரேஷன் இலவசம். டெய்லர் கூலி 40 என் செலவு. வேலை கிடைச்சு ஆஃபர் லெட்டரோட வந்து 1,500க்கு எடுத்தா 100 கழிவு. லாபம் 450ல 350 நிக்குது.

"ஆஃபர் லெட்டர் கழிவுக்குக் கெடு வைங்க"ன்ன தம்பி சொன்னது பாதி சரி. 30 நாள் வச்சேன், முதல் சம்பளம் வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. இப்ப 60. ஸ்கூல் யூனிஃபார்முக்குக் கழிவு கேட்ட அக்கா, அது வேற கணக்கு.

ஆல்டரேஷனுக்காக கால் பக்கம் குண்டூசி குத்தின பேன்ட்டோட கண்ணாடி முன்னாடி நின்ன பையன், போன வாரம் லெட்டரோட வந்தான், அவனோட அண்ணனையும் கூட்டிட்டு. கழிவு இல்லாமலே வந்திருப்பானோ? அதுதான் இன்னும் பிடிபடல.