நேரலையில் ஒரே புடவையை நால்வர் கேட்டால் யாருக்குக் கொடுப்பது?

கேட்டவர், திண்டுக்கல்: சின்னாளப்பட்டி சுங்குடிப் புடவைகளை யூடியூப் நேரலையில் காட்டி விற்கிறேன். பிடித்தவர்கள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். பெரும்பாலும் சிங்கிள் பீஸ்தான். நேற்று ஒரு மெரூன் புடவையை நால்வர் கேட்டார்கள். வாட்ஸ்அப்பில் கீழே இருப்பவர்தான் முதலில் வந்தவர் என்று அவருக்கே உறுதி சொன்னேன். நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் "நான்தான் முதலில் அனுப்பினேன்" என்று கோபித்துக்கொண்டார். பார்த்தால் அவர் சொன்னது சரி. எப்படி இது மாறியது?

ஈரோட்டுக்காரர்: எல்லாம் நேரலைத் தாமதம்தான். யூடியூப் ஸ்டுடியோவில் Ultra low-latency என்று வையுங்கள். அப்புறம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரியும், சண்டையே வராது.

மதுரை அக்கா: மெரூன் எனக்கும் தலைவலிதான். வீடியோவில் சிவப்பாகத் தெரிந்தது என்று திருப்பி அனுப்புகிறார்கள். விளக்கை மாற்றினால் சரியாகுமா?

பழைய வியாபாரி, சேலம்: அக்கா, கேமராவில் வெள்ளைச் சமநிலை தானாக மாறாதபடி பூட்டுங்கள். ஆனால் இவர் கேட்பது வேறு.

தம்பி, அந்த அமைப்பு தாமதத்தைக் குறைக்கும், சமமாக்காது. நெட் மெதுவாக இருப்பவருக்குப் படம் பிந்தித்தான் வரும். பின்னோக்கி ஓட்டிப் பார்க்கிறவர் விற்றுப்போன புடவையைக்கூடக் கேட்பார். அதற்கு DVR வசதியை அணைக்க வேண்டும்.

திண்டுக்கல்காரரே, உங்கள் சிக்கல் வாட்ஸ்அப் பட்டியலில். அது கடைசிச் செய்தி வந்த வரிசையில்தான் அடுக்கும். அந்தம்மா 8.14க்குப் படம் அனுப்பி, 8.17க்கு "கிடைக்குமா?" என்று மறுபடி கேட்டிருந்தால் மேலே ஏறிவிடுவார். 8.15க்கு அனுப்பிச் சும்மா இருந்தவர் அடியில் நிற்பார்.

புடவைக்கு எண் சீட்டு குத்தி, அந்த எண்ணை நேரலைக் கருத்தில் எழுதச் சொல்லுங்கள். வரிசை எல்லோர் கண்ணுக்கும் தெரியும். உடனிருப்பவர் எண்ணையும் பெயரையும் நோட்டில் எழுத, நீங்கள் அப்போதே பெயரை அறிவியுங்கள். வாட்ஸ்அப் பணத்துக்கும் முகவரிக்கும் மட்டும். கைப்பேசி எண்ணைக் கருத்தில் எழுத விடாதீர்கள். உங்கள் பெயரைச் சொல்லி வேறொருவர் பணம் கேட்பார்.

கேட்டவர்: அவர் இரண்டு முறை அனுப்பியிருக்கிறார், பார்த்துவிட்டேன். ஆனால் கருத்துகள் சில என் திரையில் வருவதே இல்லையே?

பழைய வியாபாரி, சேலம்: Top chat என்றிருக்கும். அது சிலவற்றை வடிகட்டும். Live chat என்று மாற்றுங்கள்.

ஈரோட்டுக்காரர்: பணம் வராவிட்டால்?

பழைய வியாபாரி, சேலம்: நான் மறுநாள் காலை பத்து மணி வரை வைத்திருப்பேன், பிறகு அடுத்த பெயருக்கு. பழகியவர் என்றால் கொஞ்சம் பொறுப்பேன். அது நியாயமா என்று என் மனைவியே கேட்கிறாள்.

கேட்டவர்: சரி, எண் சீட்டு செய்கிறேன். எழுதத் தெரியாமல் குரல் செய்தி மட்டுமே அனுப்பும் அம்மாக்கள் இருக்கிறார்களே, அவர்களை எந்த வரிசையில் வைப்பது?