பேங்க் கணக்கு மாறியதைச் சொல்லப் போய் பணம் நின்ற கதை

அட்டைப்பெட்டிக்காரன்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுக்கிறேன். போன வருஷம் தொழிலுக்கு வாங்கும் சிசி லிமிட் கடனை வேறு வங்கிக்கு மாற்றினோம். 38 கஸ்டமர்களுக்கு இப்படி ஒரு கடிதம் மெயிலில் போட்டேன்:

"தவிர்க்க இயலாத நிர்வாகக் காரணங்களால் எங்கள் வங்கிக் கணக்கு மாற்றப்பட்டுள்ளது. இனி அனைத்துத் தொகைகளையும் உடனடியாகக் கீழ்க்கண்ட கணக்கில் மட்டுமே செலுத்தவும். பழைய கணக்கில் செலுத்தினால் நாங்கள் பொறுப்பல்ல. சந்தேகம் இருப்பின் கீழே உள்ள எண்ணை அழைக்கவும்."

லெட்டர்ஹெட், சீல், கையெழுத்து, கேன்சல் செக் எல்லாம் வைத்தேன். பதினோரு பேர் பணத்தை நிறுத்திவிட்டார்கள். ஒரு கம்பெனியில் பில் பாஸ் பண்ணும் அம்மா போன் போட்டு, "அண்ணா, போன மாசம் நூல் சப்ளையர் பேர்ல போலி லெட்டர் ஒண்ணு வந்துச்சு. உங்க லெட்டரும் அதும் அச்சு அசல் ஒண்ணா இருக்கு" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். "உடனடியாக" கூட அதே இடத்தில் இருந்தது!

உங்களுக்கு இப்படி நடந்ததுண்டா? கடிதத்தை எப்படி மாற்றினீர்கள்?

பில்பாஸ்

நான் அந்தப் பக்கத்து ஆள். ஏற்றுமதிக் கம்பெனியில் ஒன்பது வருஷமாக சப்ளையர் பேமெண்ட் பார்க்கிறேன். இந்த மாதிரிக் கடிதம் வந்தால் அதில் இருக்கும் போன் நம்பரைப் பேனாவால் அடித்துவிடுவேன். திருடனும் தன் நம்பரைத்தானே போடுவான்? எங்கள் சிஸ்டத்தில் பழைய நாளிலிருந்து இருக்கும் நம்பருக்குத்தான் கூப்பிடுவேன்.

கூப்பிட்டதும் நான் கணக்கு எண்ணைப் படித்து "சரிதானே?" என்று கேட்பதில்லை. யார் எடுத்தாலும் "ஆமாம் மேடம்" என்பார்கள். கடைசி நான்கு இலக்கத்தை அவர்களே சொல்ல வேண்டும். அதைக் கடிதத்திலேயே எழுதிவிட்டால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

கேன்சல் செக் பற்றி ஒரு வார்த்தை. அது வெறும் படம். மொபைலிலேயே நம்பரை மாற்றிவிடலாம்.

நூல்தரகன்

இவ்வளவு எதற்கு? ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள், பெயர் வரும், முடிந்தது. நான் எல்லோருக்கும் அப்படித்தான் செய்கிறேன்.

கவுண்டர்_நாலு

வங்கியில் 31 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி சொல்வது பாதி சரி. ரொம்ப காலமாக நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டிலும் கணக்கு எண்ணை மட்டும் வைத்துத்தான் பணம் வரவு ஆகும். பெயரை யாரும் ஒத்துப் பார்ப்பதில்லை. நீங்கள் பெயர் கட்டத்தில் எதை எழுதினாலும் பணம் போய்ச் சேரும். 2025 ஏப்ரல் 1-க்குள் அனுப்புவதற்கு முன்பே பெயரைக் காட்டும் வசதி கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்ன பிறகுதான் நிலைமை மாறியது.

ஆனால் பெயர், அந்தக் கணக்கு யாருடையது என்பதை மட்டும்தான் சொல்லும். மாற்றச் சொன்னது உங்கள் சப்ளையர்தானா என்று சொல்லாது. அதே பெயருக்கு முன்னால் "ஸ்ரீ" சேர்த்து ஒருவன் கரண்ட் அக்கவுண்ட் திறந்து வைத்திருந்தால் அவசரத்தில் கண்ணில் படுமா? ஒரு ரூபாய் திருடனுக்கும் போய்ச் சேரும்.

அதனால் முதலில் பழைய எண்ணுக்குப் போன். அப்புறம் 7 ரூபாய், 13 ரூபாய் என்று ஏதாவது ஒரு தொகையை அனுப்புங்கள். அதே எண்ணில் "எவ்வளவு வந்தது?" என்று கேளுங்கள். வரிசை மாறினால் பலனில்லை.

மாடிவீடு

எனக்கும் இதே பிரச்சினை. கணக்கை மாற்றியதிலிருந்து காஸ் மானியம் வரவே இல்லை. ஏஜென்சியில் கேட்டால் பேங்கைக் கேள் என்கிறார்கள். கடிதம் எழுதினால் சரியாகுமா?

கவுண்டர்_நாலு

அது வேறு விஷயம் சார். மானியம் ஆதாரோடு இணைத்த கணக்குக்குப் போகும். புது வங்கியில் ஆதார் சீடிங் செய்யச் சொல்லுங்கள்.

பில்பாஸ்

பெட்டிக்கார அண்ணாவுக்கு இன்னொன்று. "பழைய கணக்கில் செலுத்தினால் பொறுப்பல்ல" என்ற வரிதான் எனக்கு முதலில் உறுத்தியது. நிஜமான சப்ளையருக்கு அதைச் சொல்ல என்ன அவசியம்? பழைய கணக்கு அடுத்த நாளே மூடப்படாது. போலிக் கடிதம் எழுதுபவனுக்குத்தான் அங்கே பணம் போகக் கூடாது.

அட்டைப்பெட்டிக்காரன்

அந்த ஒரு பதில் எனக்கு வழி காட்டியது. எங்கள் பழைய கணக்கு ஜூன் 30 வரை இருந்தது. மறுபடி எழுதியது இது:

"எங்கள் வங்கிக் கணக்கு மாறுகிறது. பழைய கணக்கு (முடிவு 2086) ஜூன் 30 வரை இயங்கும். புதிய கணக்கின் முழு விவரம் கீழே. இந்தக் கடிதத்தை மட்டும் நம்பி மாற்ற வேண்டாம். மார்ச்சுக்கு முன் நாங்கள் கொடுத்த ஏதாவது ஒரு பில்லை எடுத்து, அதில் உள்ள எண்ணுக்கு அழையுங்கள். இந்தத் தாளில் அச்சாகியிருக்கும் எண்ணுக்கு வேண்டாம். புதிய கணக்கின் கடைசி நான்கு இலக்கத்தை எங்களைச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு சிறு தொகை அனுப்பி, அதே எண்ணில் எவ்வளவு வந்தது என்று கேளுங்கள். அதுவரை பழைய கணக்கிலேயே போடுங்கள், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. ஜூன் 30-க்குள் வேறு எந்த மாற்றமும் அறிவிக்க மாட்டோம். அப்படி ஏதாவது வந்தால் அது எங்களுடையது அல்ல."

"தவிர்க்க இயலாத", "உடனடியாக" இரண்டும் போயின. பதினோரு பேரில் எட்டு பேர் அதே வாரம் கூப்பிட்டார்கள்.

ஆனால் ஒரு கூத்து. கடிதம் போய் பத்து நாள் ஆகியும் டாலியில் பில் அடியில் பழைய கணக்குதான் பிரிண்ட் ஆகிக்கொண்டிருந்தது, யாரும் மாற்றவில்லை. ஒரு கஸ்டமர் கடிதத்தையும் பில்லையும் சேர்த்து எனக்கே அனுப்பி, "இதுல எது போலி?" என்று கேட்டார்.

நூல்தரகன்

சரி, ஒரு சந்தேகம். பழைய பில்லில் இருந்த லேண்ட்லைனை நான் ரத்து செய்துவிட்டேன். மொபைலும் போன வருஷம் மாறிவிட்டது. என் கஸ்டமர் எந்த நம்பருக்குக் கூப்பிடுவார்? டிரைவர் கையில் கடிதத்தைக் கொடுத்து அனுப்பட்டுமா?

பில்பாஸ்

எங்கள் கேட்டில் டிரைவர் தரும் கடிதத்தை நான் ஏற்க மாட்டேன். நீங்களே நேரில் வாருங்கள்.

கவுண்டர்_நாலு

அவ்வளவு கண்டிப்பு தேவையா என்று தெரியவில்லை. ஆறு வருஷமாக வரும் டிரைவர் ஒன்றும் முன்பின் தெரியாத மெயில் இல்லையே. ஒன்று மட்டும்: சிசியை முடித்த பிறகு பழைய கணக்குக்கு வரும் நெஃப்ட் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். பணம் தொலையாது, நாள்தான் போகும். தவறான கணக்குக்குப் போனது தெரிந்தால் பணம் அனுப்பியதற்கான யூடிஆர் எண்ணோடு உடனே உங்கள் வங்கியையும் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐயும் கூப்பிடுங்கள். மறுநாள் காலைக்குள் அங்கே பைசா இருக்காது.

அட்டைப்பெட்டிக்காரன்

அந்த அம்மா கடைசியில் கூப்பிட்டபோது நான் வண்டியில் போய்க்கொண்டிருந்தேன். ஓரங்கட்டி எடுத்தேன். "கடைசி நாலு நம்பர் நீங்க சொல்லுங்கண்ணா" என்றார். எனக்குப் பழையதுதான் ஞாபகம் வந்தது. 2086 என்றேன். போனை வைத்துவிட்டார். இப்போது ஆபீஸ் போனுக்கு மேலே சுவரில் புது நம்பரை மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன். வண்டியில் இருக்கும்போது அவர் போனை எடுப்பதில்லை.