ஜப்பானிலிருந்து வந்த அக்குவா: திரையை ஆங்கிலத்துக்கு மாற்றி இலங்கை வரைபடத்தைப் போட முடியுமா?

வதனி, கொக்குவில்

2014 ரொயோட்டா அக்குவா வாங்கியிருக்கிறோம். இலங்கையில் ஒருவர் கைமாறி வந்த வாகனம். நடுவில் உள்ள திரை முழுவதும் ஜப்பானிய எழுத்து. வரைபடத்தைத் திறந்தால் வெறும் ஒரே நிறப் பரப்பு. அதன் நடுவே ஓர் அம்புக்குறி மட்டும் நிற்கிறது. வாகனம் திரும்பும்போது அதுவும் திரும்புகிறது. மணிக்கூடு எப்போதும் மூன்றரை மணித்தியாலம் முந்தி நிற்கிறது. நான் திருத்தினாலும் மறுபடி பழையபடியே வந்துவிடுகிறது. டாஷ்போர்டின் மேலே, முன் கண்ணாடிக்கு அருகே உள்ள சின்ன மீட்டர் திரையிலும் ஜப்பானிய மொழிதான்.

பின் கமரா நன்றாக வேலை செய்கிறது. அம்மாவும் ஓட்டுவார், அவருக்கு அது கட்டாயம் வேண்டும். செட்டின் ஓரத்தில் NSCP-W64 என்று இருக்கிறது. மொழியை ஆங்கிலமாக்கி, இலங்கை வரைபடம் போட வழி உண்டா? யாழ்ப்பாணத்தில் ஒரு கடைக்காரர் "அட்டையை மாற்றினால் சரி" என்கிறார். நம்பலாமா?

சுதன்

கடைக்காரர் சொல்வது சரிதான் அக்கா. திரைக்குப் பின்னால் எஸ்.டி. அட்டை இருக்கும். அதைக் கழற்றி, ஆங்கில மென்பொருள் உள்ள அட்டையைப் போட்டால் முடிந்தது. என் அண்ணாவின் பி.எம்.டபிள்யூ.வும் ஜப்பானிலிருந்து வந்ததுதான். ஒருவர் மடிக்கணினியைச் செருகி மொழியையும் வரைபடத்தையும் மாற்றிக் கொடுத்தார். இப்போது எல்லாம் ஆங்கிலத்தில் ஓடுகிறது.

நல்லூர் மின்னியலாளர்

வதனி, அட்டையைக் கழற்றுவதற்கு முன் இதைப் படியுங்கள்.

சுதன் சொன்ன பி.எம்.டபிள்யூ. கதை உண்மையாக இருக்கும். அந்த நிறுவனம் உலகம் முழுவதற்கும் ஏறத்தாழ ஒரே கருவியைச் செய்து, நாட்டுக்கேற்ப மென்பொருளை மாற்றி அனுப்புகிறது. அதனால் தெரிந்தவர் ஒருவர் கணினியை இணைத்து மொழியை மாற்றலாம். வரைபடத்துக்குத் தனியாக அனுமதிக் குறியீடு வேண்டும், அதையும் பெறலாம். உங்களிடம் இருப்பது அந்த வகை அல்ல. NSCP, NSZT என்று தொடங்கும் செட்டுகள் ஜப்பானில் உள்ள ரொயோட்டா விற்பனை நிலையங்கள் உள்ளூர் வாடிக்கையாளருக்காகப் பொருத்திக் கொடுத்தவை. வேறு நாட்டுக்குப் போகும் என்று நினைத்து யாரும் அவற்றைச் செய்யவில்லை. ஆங்கில எழுத்துகள் மெனுவுக்குள் ஒளிந்திருக்கவில்லை, உள்ளே வைக்கப்படவே இல்லை. தேடி எடுப்பதற்கு அங்கே ஒன்றும் கிடையாது.

வரைபடமும் அப்படித்தான். உங்கள் அம்புக்குறி வாகனத்தோடு சேர்ந்து திரும்புகிறதல்லவா? செட்டின் ஜி.பி.எஸ். நலமாக இருக்கிறது, உங்கள் இடமும் அதற்குத் தெரிகிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் காட்டுவதற்கு அட்டையில் தெருக்கள்தான் இல்லை. மணிக்கூட்டுக்கும் அதே விளக்கம். செயற்கைக்கோளிலிருந்து நேரத்தை எடுத்து ஜப்பான் நேரமாக மாற்றிக் காட்டுகிறது. ஜப்பான் நமக்கு மூன்றரை மணித்தியாலம் முன்னால். இங்கே காலை 6.30 என்றால் அது 10.00 என்று காட்டும். நீங்கள் திருத்தியபின் திரும்பவும் மாறுவது அதனால்தான்.

அட்டை விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் செட்டுகளுக்கு அந்த அட்டை வரைபடப் புத்தகம் மட்டுமல்ல. அது இல்லாவிட்டால் செட் பெரும்பாலும் அட்டையைக் கேட்கும் திரையிலேயே நின்றுவிடும். வேறு அட்டையில் கோப்புகளைப் பிரதி எடுத்தாலும் ஏற்காது, ஏனெனில் கோப்பை மட்டுமல்லாமல் அட்டைக்குள் பதிந்த சொந்த இலக்கத்தையும் பார்க்கிறது. "தெரிந்த கடை" ஒன்றில் அட்டையைக் கொடுத்து வெறுங்கையோடு திரும்பியவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அட்டை அதன் இடத்திலேயே இருக்கட்டும்.

சுதன்

அப்படியென்றால் முழுதாக ரீசெட் செய்து பார்க்கலாமே? பெரும்பாலான கருவிகள் ரீசெட்டுக்குப் பிறகு மொழியைக் கேட்குமே.

நல்லூர் மின்னியலாளர்

கைத்தொலைபேசி கேட்கும் தம்பி, அதில் பல மொழிகள் இருப்பதால். இங்கே ரீசெட் செய்தால் பதிந்து வைத்த வானொலி நிலையங்களும் புளூடூத் இணைப்பும் போகும். மறுபடி ஜப்பானிய மொழியில்தான் எழும்பும், நீங்கள் எல்லாவற்றையும் மீண்டும் ஜப்பானிய மெனுவில் அமைக்க வேண்டியிருக்கும்.

கருணா

எனக்கும் இதே பிரச்சினை. ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் ஒரு ஜப்பானியப் பெண்குரல் ஏதோ சொல்கிறது. செட்டில் ஒலியைக் குறைத்தாலும் நிற்பதில்லை. அந்தக் குரலை ஆங்கிலமாக்குவது எப்படி?

நல்லூர் மின்னியலாளர்

அது வேறு விஷயம் கருணா, செட்டின் குரலே இல்லை. ஜப்பானில் அதிவேகச் சாலைக் கட்டணம் எடுக்கும் ஈ.டி.சி. கருவி அது. "அட்டை செருகவில்லை" என்று தினமும் நினைவூட்டுகிறது. அவர்கள் நாட்டில் அது தேவை, இங்கே உங்கள் காதுக்கு மட்டும் தொல்லை. ஓட்டுநர் பக்கம் டாஷ்போர்டின் கீழேயோ கையுறைப் பெட்டிக்குள்ளோ தேடுங்கள். அட்டைத் துளையும் ஒலிப் பொத்தானும் உள்ள சிறிய பெட்டி. ஒலியைக் குறைக்கலாம், அல்லது பின்னால் உள்ள இணைப்பைக் கழற்றிவிடலாம். இலங்கையில் அதற்கு வேலை எதுவும் இல்லை.

வதனி, கொக்குவில்

டாஷ்போர்டின் மேலே உள்ள சின்ன மீட்டர் திரையும் மாறாதா?

நல்லூர் மின்னியலாளர்

அதற்கு நம்பிக்கை உண்டு. மீட்டர் திரை செட்டைச் சேர்ந்தது அல்ல, வாகனத்தைச் சேர்ந்தது. பல ஜப்பானிய மீட்டர்களில் ஆங்கிலமும் இருக்கிறது. வாகனத்தை நிறுத்தி, கியரை P இல் வைத்து, இயக்க நிலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது அமைப்புப் பகுதி திறக்காது. ஸ்டியரிங்கில் உள்ள DISP பொத்தானை அழுத்தி அழுத்திப் பக்கங்களை மாற்றுங்கள். ஒரு பக்கத்தில் 設定 என்று வரும். அங்கே பொத்தானை அழுத்திப் பிடித்தால் உள்ளே போகலாம். பட்டியலில் 言語 என்பதைத் தேடுங்கள். அதற்குள் 日本語, English என்று இரண்டு இருந்தால் இரண்டாவதைத் தெரிவு செய்யுங்கள். 言語 பட்டியலில் வராவிட்டால் உங்கள் மீட்டரில் அந்த வசதி இல்லை, அதோடு விட்டுவிடுங்கள்.

வதனி, கொக்குவில்

மாறிவிட்டது! எரிபொருள் கணக்கும் எச்சரிக்கைகளும் இப்போது ஆங்கிலத்தில். அம்மாவுக்கு அரைப் பிரச்சினை தீர்ந்தது. அப்படியானால் நடுத் திரையை என்ன செய்வது? அன்ட்ரோயிட் செட் போடலாம் என்கிறார்கள். கமரா போய்விடுமோ என்றுதான் பயம்.

தயாளன்

நான் வவுனியாவில் செட் பொருத்தும் வேலை செய்கிறேன். அக்குவாவின் இடைவெளி 200 மில்லிமீற்றர் அகலம். சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் 178 மில்லிமீற்றர் செட்டை வாங்கினால் இரு பக்கமும் ஓட்டை தெரியும். "ரொயோட்டா 200" என்று கேட்டு வாங்குங்கள். மின்சாரம், ஸ்பீக்கர் இணைப்புகள் ரொயோட்டாவுக்கே உரிய 10 ஊசி, 6 ஊசி இணைப்பிகள். அவற்றுக்குப் பொருந்தும் மாற்று வயரைச் செருகினால் போதும், வாகனத்தின் எந்த வயரையும் வெட்டக் கூடாது. வெட்டச் சொல்லும் கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அக்குவாவில் ஹைபிரிட் சக்தி ஓட்டப் படம் மீட்டர் திரையிலேயே இருப்பதால் செட்டைக் கழற்றினால் அதை இழக்க மாட்டீர்கள். தொழிற்சாலையிலேயே பொருத்திய பெரிய திரை உள்ள சில மாடல்களில் வாகன அமைப்புகள் அந்தத் திரைக்குள் இருக்கும். அங்கே கழற்றுவதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும்.

கமராதான் கவனிக்க வேண்டிய இடம். ரொயோட்டா கமரா பல வாகனங்களில் சுமார் 6 வோல்ட்டில் வேலை செய்கிறது, அதைப் பழைய செட் கொடுக்கிறது. அன்ட்ரோயிட் செட் கொடுப்பது 12 வோல்ட். நேரே இணைத்தால் கமரா எரிந்துவிடலாம். எனவே பழைய செட் வேலை செய்யும்போதே அளந்துகொள்ளுங்கள். செட்டை முன்னால் இழுத்து, வயர்கள் இணைந்தபடியே இருக்க, பிறேக்கை மிதித்து R இல் போட்டுப் படம் வரவிடுங்கள். வோல்ட் அளக்கும் மல்டிமீற்றரின் கறுப்பு முனையை வாகனத்தின் உலோகத்தில் வைத்து, கமரா இணைப்பியின் வயர்களை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். ஒன்றில் 6 அளவில் காட்டினால் அதுதான் மின்சார வயர். இடையில் 12 வோல்ட்டை 6 ஆக்கும் சிறிய மாற்றிப் பலகை வைத்தால் போதும். 12 காட்டினால் எதுவும் தேவையில்லை.

மாலதி, கொழும்பு

ஒன்றைச் சேர்க்கிறேன். செட்டை மாற்றாவிட்டாலும் வானொலிக்கு வழி உண்டு. ஜப்பானிய எப்.எம். பழைய செட்டுகளில் 76 முதல் 90 வரைதான் பிடிக்கும், நம் நிலையங்கள் 108 வரை போகின்றன. அன்டெனா வயரில் ஓர் அலைமாற்றி வைத்தார்கள். 18 குறைக்கும் வகை அது. 102.3 வேண்டுமென்றால் 84.3 இல் கேட்கிறேன். ஆனால் 94 க்குக் கீழே உள்ள நிலையங்கள் 76 க்கும் கீழே போய் விழுந்துவிடும். உங்களுக்குப் பிடித்த நிலையம் எங்கே இருக்கிறது என்று கணக்குப் பார்த்து வாங்குங்கள். வரைபடத்துக்கு நான் கைத்தொலைபேசியைத்தான் முன்னால் பொருத்தியிருக்கிறேன். யாழ்ப்பாணப் பகுதியை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்தால் தரவு போனாலும் வழி காட்டும்.

வதனி, கொக்குவில்

தயாளன் அண்ணா, அளந்தேன்: 6.1. சின்ன மாற்றிப் பலகை சேர்த்து அன்ட்ரோயிட் செட் போடுவதாக முடிவு. பழைய செட்டை என்ன செய்வது? ஸ்டியரிங் பொத்தான்களும் வேலை செய்யுமா?

தயாளன்

ஒலி கூட்டுவது, பாடல் மாற்றுவது பெரும்பாலும் வேலை செய்யும். புது செட்டின் அமைப்பில் ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திக் கற்றுக்கொடுக்க வேண்டும். தொலைபேசிப் பொத்தான் சில செட்டுகளில் வேலை செய்வதில்லை. வாங்கும் செட்டோடு கொண்டுவந்தால் பார்த்துச் சொல்கிறேன். பழையதை அட்டையோடு சேர்த்து, வயர்களையும் ஒரே பெட்டியில் வைத்து வையுங்கள். வாகனத்தை விற்கும்போது கேட்கிறவர்கள் உண்டு.

நல்லூர் மின்னியலாளர்

விற்கும்வரை யாரும் அதைப் பரிசோதிக்கப் பற்றரி மாற்றி மாற்றி இணைக்க வேண்டாம். இந்த வகையில் சில செட்டுகள் மின்சாரம் துண்டிக்கப்பட்டபின் திரையில் ERC என்று தொடங்கும் ஓர் இலக்கத்தைக் காட்டி, பூட்டுத் திறக்கும் குறியீட்டைக் கேட்கும். அப்போது அந்தத் திரையைப் படம் எடுத்துக்கொண்டு, திறந்து தரும் கடையைத் தேட வேண்டியிருக்கும்.

சுதன்

அண்ணா, அப்படியென்றால் வாகனத்தின் பற்றரி இறந்து புதிது போடும்போதும் கேட்குமா?

நல்லூர் மின்னியலாளர்

கேட்கும் செட்டும் உண்டு, கேட்காததும் உண்டு. எனக்குத் தெரிந்து ஒரே மாடலில் இரண்டும் பார்த்திருக்கிறேன்.