11,904 யூரோ செலவா, இல்லையா?

விளம்பரத்தில் இருப்பது: “ஜெர்மனியில் முதுநிலைப் படிப்பு. விசா உறுதி என்று நாங்கள் சொல்ல மாட்டோம். முடிவு தூதரகத்தின் கையில். முதல் ஆண்டுக்கான 11,904 யூரோவை, மாணவர் பெயரில் முடக்கி வைக்கும் பிளாக்டு அக்கவுண்டில் போட வேண்டும். அதையும் செலவில் சேர்த்துப் பார்த்துப் பெற்றோர் முடிவெடுக்கவும். விசா மறுக்கப்பட்டால் எங்கள் சேவைக் கட்டணம் திரும்பாது.”

முருகேசன்_கோவை: ஆகா ஓகோன்னு எல்லாரும் இதைப் பகிர்றீங்க. பிளாக்டு அக்கவுண்டில் போடுறது நம்ம பணம். பையன் அங்க இறங்கினதும் மாசம் 992 யூரோவா அவன் கைக்கே வருது. அதைச் செலவுன்னு போட்டா என்ன நேர்மை? நம்ம படிப்பு ஆவணங்களைச் சரிபார்த்துத் தர்ற ஏபிஎஸ் சான்றிதழுக்கு 18,000 ரூபாய், விசாவுக்கு 75 யூரோ. போனா வராத பணம் இதுதான்.

ஆகன்வாசி: கைக்கு வருது, சரி. அப்புறம் அது எங்க போகுது? ரூம் வாடகை, மருத்துவக் காப்பீடு, சாப்பாடு. காப்பீடு மட்டுமே மாசம் 140 யூரோவைத் தாண்டும். மியூனிக்ல ரூம் எடுத்தா 992-ல மிச்சம்னு ஒண்ணும் இருக்காது. ஒரு வருஷம் கழிச்சு அந்தக் கணக்கு காலி. காலியாகிற பணத்துக்கு நீங்க என்ன பேர் வைப்பீங்க?

தினேஷ்_மெக்: ரெண்டு வருஷ கோர்ஸ்னா 24 லட்சம் முன்னாடியே கட்டணுமா? எங்க வீட்டுல இப்பவே வேண்டாம்னு சொல்லிட்டாங்க.

ஆகன்வாசி: இல்ல தம்பி. விசாவுக்கு முதல் வருஷத்துக்கு மட்டும் காட்டினா போதும். ரெண்டாவது வருஷம் அங்கேயே தங்குற பெர்மிட்டை நீட்டிக்கும்போது மறுபடி வருமானம் காட்டணும். வருஷத்துக்கு 140 முழு நாள் வேலை பார்க்கலாம், பகுதிநேர சம்பளமும் கணக்குல வரும். ஆனா அந்த வேலையை நம்பி முதல் வருஷத்தைத் திட்டமிடாதீங்க.

முருகேசன்_கோவை: சென்னையில இருந்தாலும் பையன் சாப்பிடத்தான் செய்வான். அதைப் படிப்புச் செலவுன்னு யாராவது எழுதுறாங்களா? நம்ம பணம், நம்ம பணம்தான்.

செல்வி_மதுரை: எனக்கு அது நம்ம பணமா இல்ல சார், வங்கிப் பணம். மகளுக்காக 12 லட்சம் லோன், 11 சதவீதம் வட்டி. அக்கவுண்டுக்கு அனுப்பின அன்னிக்கே வட்டி ஓட ஆரம்பிச்சது. விசா முடிவு வர மூணு மாசம் ஆச்சு. மாசம் 11,000 வீதம் 33,000 போச்சு. விசா கிடைக்கல. யூரோவை 102-க்கு வாங்கி, திரும்ப வந்தப்போ 98-க்கு மாத்தினோம். அதுல ஒரு 47,000. எங்க ஏஜென்ட் இதுல ஒண்ணையும் முன்னாடி சொல்லல.

ஆகன்வாசி: இதைத்தான் சொல்றேன். விசா மறுத்தா அக்கவுண்டை மூட மறுப்புக் கடிதத்தைக் காட்டணும், கணக்கு நடத்துற நிறுவனம் தன் கட்டணத்தைப் பிடிச்சுக்கும். இன்னொண்ணு, 2025 ஜூலையிலிருந்து தூதரகத்துல மறுபரிசீலனை மனு கிடையாது. பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகணும், இல்ல புதுசா விண்ணப்பிச்சு மறுபடி 75 யூரோ கட்டணும். இந்த விளம்பரம் விசா மறுப்பைப் பத்திப் பேசுது. அதுவே பெருசு.

முருகேசன்_கோவை: அம்மா, உங்க கஷ்டம் புரியுது. ஆனா அது லோன் வட்டி. 11,904 முழுசாத் திரும்பி வந்துச்சா இல்லையா? வந்துச்சுல்ல! அப்ப செலவு எப்படி? ஆகன்வாசிக்கு இது புரியாது. போன மாசம் ஜெர்மனியில கல்விக் கட்டணமே இல்லன்னு அடிச்சுப் பேசினவர்தானே!

ஆகன்வாசி: அரசுப் பல்கலைக்கழகங்கள்ல பெரும்பாலும் இல்லன்னு சொன்னேன். பாடன்-வூட்டெம்பெர்க் மாநிலத்துல 2017-லிருந்து செமஸ்டருக்கு 1,500 யூரோன்னும் அதே பதிவுல எழுதினேன். பாதியைப் படிச்சுட்டு வராதீங்க.

முருகேசன்_கோவை: மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அரசுதான். 2024-லிருந்து புதுசா சேர்ற நம்ம பசங்ககிட்ட முதுநிலைக்கு செமஸ்டருக்கு 4,000, 6,000 வாங்குறாங்க. அதை எழுதினீங்களா?

ஆகன்வாசி: பேச்சை மாத்தாதீங்க. ஏஜென்ட்டுக்கு யார் பணம் தர்றாங்கன்னு யோசிங்க. அரசுப் பல்கலைக்கழகம் கமிஷன் தராது. அதனாலதான் பல ஏஜென்ட்டுகள் பெர்லின்ல இருக்கிற தனியார் கல்லூரிகளுக்குத் தள்ளுறாங்க. இந்த விளம்பரக்காரங்க சேவைக் கட்டணம்னு வெளிப்படையாச் சொல்றாங்க.

செல்வி_மதுரை: அந்தச் சேவைக் கட்டணம் எவ்வளவுன்னு விளம்பரத்துல எங்கேயும் இல்லையே? நானும் ரெண்டு தடவை படிச்சுட்டேன்.

தினேஷ்_மெக்: போன் பண்ணிக் கேட்டேன். நேர்ல வந்தா சொல்றோம்னாங்க.

ஆகன்வாசி: ஆளுக்கு ஆள் வேலை மாறும், அதனால இருக்கலாம்.

செல்வி_மதுரை: எங்க ஏஜென்ட்டும் இதேதான் சொன்னார்.

முருகேசன்_கோவை: அது தனி விஷயம்மா. முதல்ல 11,904 செலவுன்னு சொன்னவர் அதை நிரூபிக்கட்டும்.

ஆகன்வாசி: வாடகையை வீட்டுக்காரர் திருப்பித் தர்றாரா, அதை மட்டும் சொல்லுங்க.

முருகேசன்_கோவை: மறுபடியும் வாடகை! நான் கேட்டது டெபாசிட்டைப் பத்தி.