வரி பிடித்தது போகக் கணக்கில் சேரும் பங்கு: என்ன சொல்லலாம்?

கலா: நிறுவனம் ஊழியர்களுக்குத் தருவதாகச் சொல்லி, குறித்த காலம் கழிந்ததும் அவர்களுக்கு உரித்தாகும் பங்குகளான ஆர்.எஸ்.யூ.வின் கணக்கை வைத்துக்கொள்ளும் செயலி ஒன்றைத் தமிழாக்குகிறேன். ஒரு வரிசையில் நான்கு கட்டங்கள். உரித்தான நாள், உரித்தானவை, வரிக்குப் பிடித்தவை என்று மூன்றுக்குச் சொல் வைத்துவிட்டேன். நான்காவது ‘நெட் ஷேர்ஸ்’. மாதிரி வரிசையில் 40 உரித்தாகி, 13 பிடிக்கப்பட்டு, 27 வருகின்றன. ‘நிகரப் பங்கு’ போதுமா?

முத்து: தாராளமாகப் போதும். நிகர லாபம் என்று எல்லா நாளிதழும் எழுதுகிறதே. 13-ஐச் சந்தையில் விற்று வரி கட்டுகிறார்கள், மீதி 27. ‘உரித்தான’ என்பதைத்தான் மாற்ற வேண்டும். ‘முதிர்ந்த’ என்றால் சட்டென்று புரியும்.

ரஹீம்: முத்து ஐயா, விற்று வரி கட்டுவது வேறு முறை. அதில் 40 பங்கும் ஊழியர் கணக்குக்கு வந்து, பிறகு ஒரு பகுதி விற்கப்படும். கலா கேட்பதில் அந்த 13 பங்கு ஊழியர் கணக்கை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. நிறுவனம் அவற்றை நிறுத்திக்கொண்டு, ஈடான பணத்தை வரியாகக் கட்டிவிடுகிறது. ‘நிகர’ இரண்டுக்கும் பொருந்திவிடும் என்பதுதான் என் தயக்கம்.

13 எப்படி வந்தது என்பதையும் பாருங்கள். அன்றைய விலை 50, வரி 31 விழுக்காடு என்றால் வரி 620. அது 12.4 பங்குக்குச் சமம். முழுப் பங்காகப் பிடிப்பதால் 13. மிகுந்த 30 சம்பளத்தில் திரும்பலாம், அல்லது கூடுதல் வரியாக வரவாகலாம். செயலி 27.6 என்று காட்டினால் கணக்கைத் தானே போட்டுக்கொண்டது என்று பொருள்.

‘முதிர்ந்த’ வேண்டாம். வைப்புநிதி முதிர்ந்தால் போட்ட பணம் திரும்புகிறது. இங்கே யாரும் பணம் போடவில்லை.

செல்வம்: எனக்கும் இப்படித்தான் 27 வந்தது. ஆனால் சம்பளச் சான்றில் 40 பங்குக்கும் சேர்த்து 2,000 வருமானம் என்று இருக்கிறது. கண்ணால் பார்க்காத பங்குக்கு நான் ஏன் வரி கட்ட வேண்டும்? அதற்கும் ஒரு சொல் கண்டுபிடியுங்கள்!

ரஹீம்: அந்த 13-தான் உங்கள் வரி, செல்வம். 2,000 சரியான தொகை. கவனிக்க வேண்டிய இடம் வேறு. கையிலுள்ள 27-இன் அடக்க விலை தலா 50. பின்னர் 60-க்கு விற்றால் லாபம் 270 மட்டுமே. அடக்க விலையைப் பூச்சியமாக விட்டுவிட்டால் முழு 1,620-உம் லாபமாகிவிடும். இரட்டை வரி அங்கேதான் நுழையும்.

கலா: அப்படியானால் ‘கைவரு பங்கு’?

முத்து: ‘கைவந்த கலை’ நினைவுக்கு வருகிறது. ‘வரிபோகப் பங்கு’ என்று நேராகவே சொல்லுங்களேன்.

ரஹீம்: விற்ற முறையிலும் அது பொருந்துமே, ஐயா. நான் ‘கைவரு’ பக்கம்.

கலா: இப்போதைக்கு ‘வரிபோகப் பங்கு’ என்று இட்டுப் பார்த்தேன். கைபேசித் திரையில் கடைசி எழுத்து வெட்டுப்படுகிறது. ‘கைவரு பங்கு’ முழுதாக நிற்கிறது. விற்ற முறைக்குத் தனிக் கட்டம் வைப்பார்களா என்று நிரலரிடம் கேட்டிருக்கிறேன். பதில் வரும்வரை இரண்டையும் பூட்டாமல் வைக்கிறேன்.